‘வல்அஸ்ர்’ தமிழில் எப்படி வரவேண்டும்: சத்தியமாகவா, ஆணையாகவா, சாட்சியாகவா?

மாலை மக்தபில் குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்உ ஓதும் பிள்ளைகளுக்காக, சிறிய அத்தியாயங்களுக்கு மட்டும் எளிய தமிழில் பொருள் எழுதிக் கையில் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தோம். நானும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும். அவருக்கு அரபி தெரியாது. எனக்கு அவருடைய இலக்கணம் தெரியாது. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லும் முழுச் சொல் இல்லை, ஒரே ஓர் எழுத்து: வாவ்.

வல்அஸ்ர், வல்லைல், வஷ்ஷம்ஸ், வள்ளுஹா, வல்ஃபஜ்ர், வத்தீன். ஓதும் பிள்ளைக்கு இவை அத்தியாயங்களின் பெயர்போலவே பழகிவிட்டவை. இவற்றின் முன்னால் நிற்கும் ‘வ’ பெரும்பாலான இடங்களில் ‘உம்’ என்றுதான் பொருள்படும். ஆனால் பேச்சின் தொடக்கத்தில் முன்னால் எதுவுமே இல்லாதபோது எதோடு எதைச் சேர்ப்பது? அங்கே அது சத்தியத்தின் வாவ். அடையாளம் காண ஒரு வழி உண்டு. இந்த வாவுக்குப் பின்வரும் பெயர்ச்சொல்லின் இறுதியில் ‘இ’ ஒலி வரும்: வல்அஸ்ரி, வல்லைலி, வஷ்ஷம்ஸி. ஓதும்போது அதில் நிறுத்திவிட்டால் ஒலி கேட்காது. தொடர்ந்து ஓதினால் கேட்கும். இன்னோர் அடையாளம், பின்னால் வரும் பதில். எதன் மீது சத்தியம் என்பது ஒரு பாதி. எதற்காகச் சத்தியம் என்பது மறுபாதி. வல்அஸ்ர் என்று தொடங்கும் 103ஆம் அத்தியாயத்தில் முதல் வசனம் சத்தியம், ‘மனிதன் நட்டத்தில் இருக்கிறான்’ என்ற இரண்டாம் வசனம் அதன் பதில்.

அரபியில் சத்தியத்துக்கு மூன்று எழுத்துகள் இருக்கின்றன. ‘பி’ மூத்தது, ‘நான் சத்தியம் செய்கிறேன்’ என்ற வினையோடும் வரும், வினை இல்லாமலும் வரும். ‘வ’ வினையை வெளியே காட்டாது. ‘த’ அல்லாஹ்வின் பெயரோடுதான் பெரும்பாலும் வரும்: ‘தல்லாஹி’. ஆக, வாவில் வினை ஒளிந்திருக்கிறது. தமிழில் அதை வெளியே கொண்டுவருவதா, ஒளித்தே வைப்பதா என்பதில்தான் எல்லா வாதமும் தொடங்குகிறது.

அச்சில் இருக்கும் தமிழாக்கங்களில் நிலைத்துவிட்ட வடிவம் ‘மீது சத்தியமாக’ என்பது. ‘காலத்தின் மீது சத்தியமாக’ என்று மேடையில் ஒருவர் சொன்னால் கேட்பவர் அடுத்த வரியைத் தானே முடித்துவிடுவார். அந்தப் பழக்கத்தைக் கலைக்கச் சரியான காரணம் வேண்டும். இலக்கணத்திலும் இது பொருந்துகிறது. தமிழில் ‘அம்மா மேல் சத்தியமாக’ என்கிறோம். அங்கேயும் வினை இல்லை. வாவைப் போலவே பொருளைக் காட்டிவிட்டு நேரே விஷயத்துக்குப் போகிறது.

ஆனால் இதில் ஓர் உறுத்தல். தமிழில் எதன் மேல் சத்தியம் செய்கிறோமோ அதைப் பணயம் வைக்கிறோம். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்வதன் பொருள், பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பதுதான். வத்தீனில் அத்திப் பழத்தின் மீதும் வள்ளுஹாவில் முற்பகலின் மீதும் இறைவன் சத்தியம் செய்தால் அதில் பணயம் ஏது? இதை என்னிடம் கேட்டவன் பத்து வயதுப் பையன். கேட்ட விதம்தான் வேறு. “அல்லாஹ்வைத் தவிர வேறு எதன் மேலும் சத்தியம் செய்யக்கூடாது என்று போன வாரம் சொன்னீர்களே ஹஜ்ரத், இங்கே அத்திப் பழத்தின் மேல் இருக்கிறதே?” அறிஞர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: படைத்தவன் தன் படைப்புகளில் தான் விரும்பியதைச் சொல்லிச் சத்தியம் செய்வான், படைக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. ‘அத்தியின் இறைவன் மீது’ என்று ஒரு சொல் உள்ளே மறைந்திருக்கிறது என்போரும் உண்டு. பையன் தலையாட்டினான். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியது அரபியின் வாவா, தமிழின் ‘மீது சத்தியமாக’வா என்று எனக்கு அன்று முதல் சந்தேகம்.

இரண்டாவது உறுத்தலைக் கண்டுபிடித்தவர் தமிழாசிரியர். 103ஆம் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் ‘ஹக்’ என்ற சொல் வருகிறது. ஒருவருக்கொருவர் அதை வலியுறுத்துவோர் நட்டத்திலிருந்து விலக்கு. அதற்கு நான் ‘சத்தியம்’ என்று எழுதியிருந்தேன். அவர் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். “முதல் வரியிலும் சத்தியம், கடைசி வரியிலும் சத்தியம். மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லா?” இல்லை. முதல் வரியில் சொல்லே கிடையாது, ஓர் எழுத்துதான். மொத்தம் பதினான்கே சொற்கள் உள்ள அத்தியாயத்தில் மூலத்தில் இல்லாத ஓர் எதிரொலியை நான் உண்டாக்கியிருந்தேன். தமிழில் ‘சத்தியம்’ சபதத்தையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும் என்பதால் வந்த வினை. ‘சத்தியமாக’ என்று தொடங்குகிறவர் ‘ஹக்’குக்கு ‘உண்மை’ என்று போட்டுவிட வேண்டும். இது தீர்க்கக்கூடிய கோளாறு. முந்தையது அவ்வளவு எளிதில்லை.

இந்த இடத்தில் அவர் முன்வைத்தது ‘ஆணையாக’. பழந்தமிழ் மணம், மேடைக்கேற்ற கனம், ‘உண்மை’யோடு குழம்பாது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆணை என்றால் கட்டளையும்தானே, ‘காலத்தின் மீது ஆணையாக’ என்றால் காலத்துக்கு உத்தரவு போடுவதுபோலக் கேட்காதா என்று ஒரு தயக்கம் மட்டும். அப்புறம் 92ஆம் அத்தியாயத்துக்கு வந்தோம். மூன்றாம் வசனத்தை எழுதிவிட்டு அவரே உரக்கப் படித்தார்: ‘ஆணையும் பெண்ணையும் படைத்தவன் மீது ஆணையாக.’ படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். ஆண் என்ற சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றால் ‘ஆணை’. அதைத் தவிர்க்க ஒரு வசனத்துக்கு மட்டும் ‘ஆண் பெண் இருபாலரையும்’ என்று வளைக்கலாம். ஒரு சொல்லைக் காப்பாற்ற இன்னொன்றை வளைக்கத் தொடங்கினால் அது நிற்காது என்று அவர்தான் சொன்னார்.

மூன்றாவது வழி சாட்சி. இதற்குப் பின்னால் ஒரு கொள்கையே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கர் வட்டாரத்தைச் சேர்ந்த ஹமீதுத்தீன் ஃபராஹி (1863–1930) குர்ஆனின் சத்தியங்களுக்கென்றே ஒரு நூல் எழுதியவர். சத்தியம் என்பதன் அடிப்படை, சொல்லப்படும் பொருளைப் பெருமைப்படுத்துவது அன்று. அடுத்து வரும் கூற்றுக்கு அதைச் சாட்சியாக நிறுத்துவதே என்பது அவர் கருத்து. மனிதன் நட்டத்தில் இருக்கிறான் என்பதற்கு ஓடிக்கொண்டிருக்கும் காலமே சாட்சி. இப்படிப் பார்த்தால் பையனின் கேள்விக்கு இடமே இல்லை. அத்தியைப் பணயம் வைக்கவில்லை, கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். தமிழுக்கும் இது இயல்பு. ‘வானமே சாட்சி’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ‘காலமே சாட்சி: மனிதன் நட்டத்தில் இருக்கிறான்.’ எழுதிப் பார்த்தபோது இருவருக்கும் ஒரு கணம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது.

மறுநாள் 89ஆம் அத்தியாயம் அதைக் கலைத்தது. விடியல், பத்து இரவுகள், இரட்டையும் ஒற்றையும், கடந்து செல்லும் இரவு என்று நான்கு வசனங்களில் அடுக்கிவிட்டு ஐந்தாவதில் குர்ஆன் கேட்கிறது: அறிவுடையவருக்கு இதில் ஒரு ‘கஸம்’ இருக்கிறதல்லவா? கஸம் என்றால் சத்தியம். உருதுவிலும் இந்தியிலும் அன்றாடம் புழங்கும் அதே சொல். முந்தைய நான்கு வசனங்கள் சத்தியம் என்று நூலே பெயர் சொல்லிவிட்டது. நாம் அங்கே ‘சாட்சி’ என்று எழுதிவிட்டு இங்கே ‘சத்தியம்’ என்றால், எந்தச் சத்தியம் என்று வாசகர் மேலே தேடுவார். இங்கேயும் ‘சாட்சி’ என்று போட்டால் கஸம் என்ற சொல்லையே மாற்றிவிட்டோம் என்று ஆகும். போதாக்குறைக்கு 85ஆம் அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் ‘ஷாஹித்’ மீதும் ‘மஷ்ஹூத்’ மீதும் செய்த சத்தியம். ஷாஹித் என்றால் சாட்சி. ‘சாட்சியும், சாட்சியம் அளிக்கப்படுவதும் சாட்சி’ என்று எழுதிப் பார்த்துவிட்டு நாங்கள் சிரித்துவிட்டோம்.

என் கருத்து இது. ஃபராஹி சொல்வது விளக்கம், நல்ல விளக்கம். ஆனால் மூலத்தில் இருப்பது சத்தியத்தின் வடிவம். அந்த வடிவம் எதற்கு என்பதில் அறிஞர்கள் பலவாறு பேசியிருக்கிறார்கள். எகிப்தின் பின்துஷ் ஷாத்தி என்ற ஆயிஷா அப்துர் ரஹ்மான், இந்த வாவ் பெருமைப்படுத்துவதற்காக அன்று, கண்ணால் காணும் ஒரு காட்சியின் பக்கம் கவனத்தைத் திருப்பிக் காணாத ஒன்றை விளங்கவைப்பதற்காக என்று வாசித்தார். 93ஆம் அத்தியாயத்துக்கு அது அழகாகப் பொருந்தும்: முற்பகல் வெளிச்சம், பிறகு அடங்கிய இரவு, பிறகு ‘உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை’. வெளிச்சம் போய் இருட்டு வருவது கைவிடுதல் இல்லை என்பதை எல்லோரும் நாள்தோறும் பார்க்கிறோம். இத்தனை விளக்கங்களுக்கும் இடம்விடுவது ‘சத்தியமாக’ மட்டுமே. ‘சாட்சி’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் கதவை அடைக்கிறது. அதன் இடம் அடிக்குறிப்பு.

‘சத்தியம் செய்கிறேன்’ என்று வினையை வெளியே இழுக்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 90ஆம் அத்தியாயம் ‘லா உக்ஸிமு’ என்று அந்த வினையை வெளிப்படையாகச் சொல்லித் தொடங்குகிறது. வாவுக்கும் அதையே எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடு போய்விடும்.

ஆக, சொல் முடிவாயிற்று. எத்தனை முறை எழுதுவது என்பது முடிவாகவில்லை. 92ஆம் அத்தியாயத்தில் மூன்று வசனங்களும் ‘வ’ என்றே தொடங்குகின்றன. வழக்கமான தமிழில் மூன்று ‘சத்தியமாக’ வரும். இது புதிய கேள்வி அன்று. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் இலக்கணி சீபவைஹி தம் ஆசிரியர் கலீலிடம் இந்த வசனங்களையே காட்டிக் கேட்டார்: பின்னால் வரும் இரண்டு வாவுகளும் முதலாவதைப் போன்றவை அல்லவா? இல்லை என்றார் கலீல். சத்தியம் இத்தனை பொருள்கள் மீது, ஆனால் ஒரே விஷயத்துக்காக. ஒரு சத்தியம் முடிந்த பிறகுதான் இன்னொன்றைத் தொடங்க முடியும். ஆகவே முதல் வாவ் சத்தியம், மற்றவை வெறும் ‘உம்’.

தமிழுக்கு இது பெரிய விடுதலை. எங்கள் வரைவு இப்படி வந்தது:

மூடுகின்ற இரவின் மீதும்,
வெளிப்படுகின்ற பகலின் மீதும்,
ஆணையும் பெண்ணையும் படைத்தவன் மீதும் சத்தியமாக,
உங்கள் முயற்சிகள் பலவிதமானவை.

மூன்று முறை வந்தால் மூன்று துண்டுகள். ஒரே முறை வந்தால் நான்காம் வரி வரை ஒரே மூச்சு. ஆனால் இதே முறையை 91ஆம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோனபோது உதைத்தது. அங்கே ஏழு வசனங்களில் சூரியன், அதன் முற்பகல் ஒளி, சந்திரன், பகல், இரவு, வானம் என்று எண்ணிக்கொண்டே போனால் பதினொரு பொருள்கள். ‘மீதும், மீதும்’ என்று ஏழாம் வசனம் வரை இழுத்துவிட்டு அங்கே ‘சத்தியமாக’ என்றால், காதால் கேட்பவருக்கு நடுவில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அரபியில் வாவ் முன்னால் நிற்கிறது, முதல் எழுத்திலேயே சத்தியம் என்று தெரிந்துவிடும். தமிழில் அது கடைசியில்தான் வரும். பதினொரு முறை எழுதினாலோ மந்திரம்போல ஆகிவிடும். நடுவழி ஒன்றைப் பிடித்தோம்: முதல் வசனத்தில் ஒரு முறை, ஏழாவதில் பதிலுக்கு முன்னால் இன்னொரு முறை, இடையில் ‘மீதும்’ மட்டும். கலீல் இதை ஒப்பியிருப்பாரா என்று கேட்காதீர்கள். கடைசியில் வருவது ஞாபகப்படுத்தல்தான்.

இனி, சத்தியத்துக்கு உரிய பொருள். அத்திக்கும் ஜைத்தூனுக்கும் அதிகம் மெனக்கெடவில்லை. நம் ஊர் ஆற்றங்கரை அத்தியும் ‘தீன்’ என்ற சீமை அத்தியும் வேறு வேறு மரங்கள் என்று ஒரு குறிப்புப் போதும். ‘ஒலிவம்’ கிறிஸ்தவத் தமிழின் சொல். எங்கள் பிள்ளைகளுக்கு ஜைத்தூன் எண்ணெய்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும்.

‘அஸ்ர்’ அப்படி விடவில்லை. காலம் என்பது ஒரு பொருள். பகலின் பிற்பகுதி என்பது இன்னொன்று. அந்நேரத் தொழுகை என்றும் சொல்லியிருக்கிறார்கள். குர்ஆன் விரிவுரையாளர் தபரி (இறப்பு 923) இவற்றில் ஒன்றை மட்டும் தனியே பிரிக்க மறுத்தார். அது காலத்தின் பெயர், அந்தப் பெயர் எதையெல்லாம் தழுவுமோ எல்லாவற்றின் மீதும்தான் சத்தியம் என்றார். தமிழ் முஸ்லிம் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ‘அஸர்’ அவனுக்குப் புதிய சொல் அன்று. மக்தப் தொடங்குவதே அஸருக்குப் பிறகுதான். அவனைக் கேட்டால் வல்அஸ்ர் என்பது அந்த மாலை வெயில் என்பான். ‘காலம்’ என்று எழுதும்போது அந்த வெயிலை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். தமிழாசிரியர் ‘பொழுது’ என்றார். பொழுது சாயவும் செய்யும், கழியவும் செய்யும். இரண்டு பொருளும் ஒரே சொல்லில். ‘பொழுதின் மீது சத்தியமாக, மனிதன் நட்டத்தில் இருக்கிறான்.’ எனக்கு மிகவும் ஆசை. ஆனால் சில வட்டாரங்களில் பொழுது என்றால் சூரியனே. 91ஆம் அத்தியாயம் சூரியன் மீது செய்த சத்தியம் என்பதால் அந்தக் குழப்பத்தை விலைக்கு வாங்க விரும்பவில்லை. காலம் என்று எழுதி, கீழே ‘அஸர் நேரம் என்றும் பொருள் உண்டு’ என்று சேர்த்தோம். அவருக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது 100ஆம் அத்தியாயம். ‘வல்ஆதியாத்தி ளப்ஹா.’ ஆதியாத் என்றால் ஓடுகின்றவை; எவை என்று சொல்லவில்லை. ளப்ஹ் என்பது ஓடும்போது நெஞ்சிலிருந்து வரும் இரைப்பு. போருக்குப் போகும் குதிரைகள் என்பது இப்னு அப்பாஸ் முதலில் சொன்ன விளக்கம். அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபாவுக்கு விரையும் ஹஜ் ஒட்டகங்கள் என்று அலீ அதைத் திருத்தியதாகத் தபரி பதிவுசெய்கிறார். பெரும்பாலான தமிழாக்கங்கள் அடைப்புக்குறிக்குள் ‘குதிரைகள்’ என்று போட்டு வழக்கை முடித்துவிடுகின்றன. உரக்கப் படிக்கும்போது அடைப்புக்குறி கேட்காது. குதிரை நூலிலேயே இருப்பதாகத்தான் பிள்ளை நினைப்பான்.

இங்கேதான் அரபி தெரியாத என் நண்பர் கைகொடுத்தார். “பெயரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் பெயர்தானே? அது வினையாலணையும் பெயர். பாய்வன, தாக்குவன.” அதேதான். முதல் வசனத்தின் ஆதியாத், அடுத்த இரண்டில் வரும் மூரியாத், முகீராத் மூன்றும் அப்படிப்பட்ட அரபிச் சொற்கள். தமிழுக்குக் குதிரையும் வேண்டாம் ஒட்டகமும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் வசனத்திலிருந்து வாவ் இல்லை, ‘ஃப’ வருகிறது. ‘பிறகு’, ‘உடனே’ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கும் எழுத்து. ஐந்து வசனங்களிலும் ஓடுவது ஒரே கூட்டம். நாலாவதிலும் ஐந்தாவதிலும் பெயர் வடிவம்கூடப் போய் முழு வினையே வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ‘மீது சத்தியமாக’ என்று போட்டால் ஓட்டம் நின்று ஐந்து தனித்தனிப் பொருள்களாகிவிடும். நாங்கள் முதலில் எழுதியது:

இரைக்க இரைக்கப் பாய்வன மீது சத்தியமாக,
உரசித் தீப்பொறி எழுப்பி,
விடியலில் தாக்குவன அவை;
அதனால் புழுதியைக் கிளப்பின,
கூட்டத்தின் நடுவே புகுந்தன;
மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவன்.

இரண்டாம் வரியில் ‘குளம்பு’ என்று எழுதக் கை துடித்தது. மூலத்தில் குளம்பும் இல்லை. மூன்றாவதில் ‘அவை’ சேர்க்காமல் வாக்கியம் நிற்கவில்லை, அது எங்கள் இடைச்செருகல். ஐந்தாம் வரிக்கு வரும்போது முதல் வரியின் சத்தியம் மங்கிவிடுகிறது என்பதும் தெரிகிறது. பதிலோடு அதைக் கட்ட ‘நிச்சயமாக’ சேர்க்கலாமா என்று யோசித்தோம். அரபியில் பதிலின் முன்னால் ‘இன்ன’வும் உள்ளே ‘ல’வும் அழுத்தத்துக்காக நிற்கின்றன. மற்ற அத்தியாயங்களில் ‘சத்தியமாக’ பதிலுக்கு ஒட்டி நிற்பதால் அந்த அழுத்தத்தை அதுவே சுமந்துவிடும். ‘சத்தியமாக, நிச்சயமாக’ என்று அடுக்கினால் பொய் சொல்கிறவன் பேச்சுபோல ஆகிவிடும். இங்கே மட்டும் இரண்டுக்கும் நடுவே நான்கு வரி தூரம். ஆகவே இந்த ஓர் அத்தியாயத்தில் கடைசி வரி ‘நிச்சயமாக மனிதன்’ என்று தொடங்குகிறது.

நிறுத்தற்குறியிலும் ஒரு சண்டை நடந்தது. ‘சத்தியமாக’வுக்குப் பின் வியப்புக்குறி போடுவது வழக்கம். அதைப் போட்டால் வாக்கியம் அங்கே முடிந்து, பதில் தனியாக வேறு பேச்சாக நிற்கிறது. எல்லா இடத்திலும் காற்புள்ளி என்று எழுதிக் கொடுத்தோம். அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் பழக்கத்தில் எல்லாவற்றையும் வியப்புக்குறியாக மாற்றியிருந்தார். மெய்ப்பில் ஒவ்வொன்றாகச் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.